எதிர்மறுதலையா, முரண்பாடா? எண்ணியல் கூற்றுக்கு நிறுவல் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நிறுவல் எழுதப் பழகத் தொடங்கியவர்களின் தாள்களில் ஒரே முதல் வரி மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம்: "மாறாக, இக்கூற்று உண்மையல்ல எனக் கொள்வோம்." கூற்று எதுவாயினும், அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாத நிலையில், இந்த வரி கைகொடுப்பதுபோல் தோன்றுகிறது. பல வேளைகளில் நிறுவலும் சரியாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் முடிந்த நிறுவலைக் கூர்ந்து பார்த்தால், அந்த முதல் வரி தேவையே இல்லை என்பதும், உள்ளே இருப்பது வேறொரு முறை என்பதும் புலப்படும். அந்த வேறு முறையைத்தான் காண்ட்ராபாசிட்டிவ் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை எதிர்மறுதலை என்று அழைக்கிறேன்.

இரண்டு முறைகளும் "P எனில் Q" என்ற வடிவுள்ள கூற்றுகளுக்கு உரியவை. எதிர்மறுதலை முறையில் "Q இல்லை எனில் P இல்லை" என்பதை நிறுவுகிறோம். இது மூலக்கூற்றோடு முழுவதும் சமானமானது. (இதை "Q எனில் P" என்ற மறுதலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, மறுதலை தனிக் கூற்று, அது பொய்யாகவும் இருக்கலாம்.) முரண்பாட்டு முறையிலோ, P உண்மை என்றும் Q பொய் என்றும் ஒருசேரக் கொண்டு, ஏதேனும் ஒரு பொருந்தாமையை அடைகிறோம்.

வேறுபாட்டை இப்படி நினைவில் கொள்ளலாம். எதிர்மறுதலையில் நம் கைமுதல் ஒன்றுதான், அதாவது "Q இல்லை" என்பது மட்டும்; ஆனால் போய்ச்சேர வேண்டிய இடம் முன்கூட்டியே தெரியும். முரண்பாட்டில் கைமுதல் இரண்டு, P-யும் "Q இல்லை" என்பதும். ஆனால் எந்த இடத்தில் முரண்பாடு எழும் என்பது தொடங்கும்போது தெரியாது. தேர்வு முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றியதே: இரண்டாவது கைமுதல் உண்மையில் தேவைப்படுகிறதா?

முதல் வேலை: கூற்றைப் பிரித்து எழுதுவது

எந்த முறை என்று யோசிப்பதற்கு முன், கூற்றில் எது பின்னணி, எது P, எது Q என்று தாளில் தனித்தனியாக எழுதுங்கள். "n ஒரு முழு எண்" என்பது போன்றவை பின்னணி. அவற்றை மறுக்கக் கூடாது. அதன் பிறகு P, Q இரண்டின் மறுப்புகளையும் எழுதுங்கள். பிழைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் நேர்கிறது. அதற்குப் பிந்தைய இயற்கணிதத்தில் அல்ல.

இரண்டு பிழைகள் குறிப்பாகக் கவனிக்கத்தக்கவை. "a, b ஆகியவற்றுள் ஒன்றேனும் இரட்டைப்படை" என்பதன் மறுப்பு "இரண்டும் ஒற்றைப்படை" என்பதாகும். "a ஒற்றைப்படை அல்லது b ஒற்றைப்படை" என்பதன்று. மறுக்கும்போது "அல்லது" என்பது "மேலும்" என மாறுகிறது. இரண்டாவது பிழை பகா எண்களோடு தொடர்புடையது. n ஓர் இயல் எண் என்னும்போது, "n பகா எண் அன்று" என்றால் "n பகு எண்" என்று உடனே எழுதிவிடுகிறோம்; 1 பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று என்பது மறந்துபோகிறது. "2ⁿ − 1 பகா எண் எனில் n பகா எண்" என்ற நன்கறிந்த கூற்றை எதிர்மறுதலையால் நிறுவுபவர், n = ab என்று பிரித்து 2ᵃ − 1 என்ற காரணியைக் காட்டுவதோடு, n = 1 என்ற நிலையையும் ஒரு வரியில் தீர்க்க வேண்டும். அங்கே 2¹ − 1 = 1, அது பகா எண் அன்று; ஆகவே கவலையில்லை. கவலையில்லை என்றாலும் எழுத வேண்டும்.

எந்தப் பக்கம் சமன்பாடு கிடைக்கிறது?

எளிய கூற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். n ஒரு முழு எண்; n³ + 7 ஒற்றைப்படை எனில், n இரட்டைப்படை.

நேரடியாகத் தொடங்கினால் n³ + 7 = 2k + 1 என்று எழுதலாம். அதிலிருந்து n³ = 2k − 6 கிடைக்கிறது. n பற்றிச் சொல்ல வேண்டுமானால் கனமூலம் எடுக்க வேண்டும், அங்கே வழி அடைபட்டுவிடுகிறது. மறுபக்கம் பாருங்கள். "Q இல்லை" என்பது "n ஒற்றைப்படை", அதாவது n = 2k + 1. இது n-ஐயே நேரடியாகத் தரும் சமன்பாடு. இதை n³ + 7 என்ற கோவையில் அப்படியே பிரதியிடலாம்:

n³ + 7 = 8k³ + 12k² + 6k + 8 = 2(4k³ + 6k² + 3k + 4)

இது இரட்டைப்படை, "P இல்லை" என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தோம், நிறுவல் முடிந்தது. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி இது: கோவை P-யின் பக்கத்திலும், தனி மாறி Q-வின் பக்கத்திலும் இருந்தால், எதிர்மறுதலையே இயல்பான வழி. தனி மாறியிலிருந்து கோவையைக் கட்டுவது எளிது. கோவையிலிருந்து மாறியைப் பிரித்தெடுப்பது கடினம்.

இதே நிறுவலை முரண்பாட்டு முறையில் எழுதியவர் என்ன செய்திருப்பார்? "n³ + 7 ஒற்றைப்படை என்றும், n ஒற்றைப்படை என்றும் கொள்வோம். n = 2k + 1 என்க. அப்போது n³ + 7 = 2(4k³ + 6k² + 3k + 4), இது இரட்டைப்படை. ஆனால் n³ + 7 ஒற்றைப்படை எனக் கொண்டோம். முரண்பாடு." இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் "n³ + 7 ஒற்றைப்படை" என்ற கைமுதல் எங்கே செலவானது என்று தேடிப் பாருங்கள். முதல் வரியில் அறிவிக்கப்பட்டது, கடைசி வரியில் மறுக்கப்பட்டது; இடையில் ஒருமுறைகூடப் பயன்படவில்லை. ஆகவே அந்த அறிவிப்பையும், கடைசியில் வரும் "முரண்பாடு" என்பதையும் அடித்துவிட்டால், எஞ்சி நிற்பது தூய எதிர்மறுதலை நிறுவல்.

இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். முரண்பாட்டு முறையில் எழுதி முடித்ததும், P பயன்பட்ட ஒவ்வொரு இடத்தின் கீழும் கோடிடுங்கள். கடைசி வரியில் மட்டும் கோடு விழுந்தால், முகமூடியைக் கழற்றி எதிர்மறுதலையாக மாற்றி எழுதுங்கள். இடையிலும் கோடு விழுந்தால், அது உண்மையான முரண்பாட்டு நிறுவல், அப்படியே விட்டுவிடலாம்.

இரண்டும் சரியான நிறுவல்களே என்னும்போது ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். நடை அழகு ஒரு காரணம்தான், ஆனால் அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. எதிர்மறுதலை நிறுவலின் ஒவ்வொரு வரியையும் உண்மையான எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். மேலே k = 1 எனப் போட்டால் n = 3, இடப்பக்கம் 27 + 7 = 34, வலப்பக்கம் 2 × 17 = 34. விரிவாக்கத்தில் தவறு செய்திருந்தால் இங்கேயே தெரிந்திருக்கும். முரண்பாட்டு நிறுவலின் வரிகளை அப்படிச் சோதிக்க இயலாது. ஏனெனில் கூற்று உண்மையாயின், P-யையும் "Q இல்லை" என்பதையும் ஒருங்கே நிறைவு செய்யும் எண் உலகிலேயே இல்லை. இல்லாத எண்ணைப் பற்றிய வரிகளை எந்த எண்ணைக் கொண்டு சோதிப்பது? அதோடு, கணக்கில் செய்த பிழையும் ஒரு பொருந்தாமையைத்தான் உண்டாக்கும். அந்தப் பொருந்தாமையை நாம் எதிர்பார்த்த முரண்பாடு என்று நினைத்து மகிழ்ந்து, பேனாவை மூடிவிடுவோம்.

இரண்டு கைமுதலும் தேவைப்படும் இடம்

இப்போது எதிர்மறுதலை கைவிடும் ஒரு கூற்று. n ஓர் இயல் எண். n பகு எண் எனில், √n-ஐ விட மிகாத பகாக் காரணி ஒன்று அதற்கு உண்டு. 91 பகா எண்ணா என்று அறிய 2, 3, 5, 7 ஆகியவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்பதற்கு இதுவே ஆதாரம். √91 என்பது 10-ஐ விடச் சிறியது, 7 அதை வகுக்கிறது.

எதிர்மறுதலையை எழுதிப் பார்ப்போம்: √n-ஐ விட மிகாத பகாக் காரணி எதுவும் n-க்கு இல்லை எனில், n பகு எண் அன்று. கைமுதல் "இல்லை" என்கிறது. சேருமிடமும் "அன்று" என்கிறது. எழுதத்தக்க சமன்பாடு எதுவும் கைமுதலில் இல்லை. சேருமிடத்தை அடையவும், "பகு எண் என்றுதான் கொள்ளுங்களேன், என்ன ஆகிறது பார்ப்போம்" என்று தொடங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்படித் தொடங்கிவிட்டாலோ, நாம் முரண்பாட்டு முறைக்கே வந்துவிட்டோம்.

ஆகவே இரண்டையும் ஒருசேரக் கொள்வோம். n பகு எண் என்பதால் n = ab; இங்கே a, b இரண்டும் 1-ஐ விடப் பெரியவை. a-க்குப் பகாக் காரணி ஒன்று உண்டு. அதை p என்க. p என்பது n-ஐயும் வகுக்கிறது, ஆகவே நம் எடுகோளின்படி p > √n. ஆனால் a ≥ p, எனவே a > √n. இதே வாதத்தால் b > √n. பெருக்கினால் ab > n. ஆனால் ab = n. முரண்பாடு.

கோடிடும் சோதனையை இதில் செய்து பாருங்கள். "n பகு எண்" என்பது முதல் அடியிலேயே n = ab எனச் செலவாகிறது. "சிறிய பகாக் காரணி இல்லை" என்பது p > √n எனச் செலவாகிறது. ஒன்று சமன்பாட்டைத் தருகிறது, மற்றது சமனின்மையைத் தருகிறது. இரண்டும் மோதும் இடத்தில்தான் நிறுவல் உயிர்பெறுகிறது. எந்த ஒன்றை அடித்தாலும் நிறுவல் சரிந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்த முரண்பாட்டை உற்றுநோக்கினால் அது உண்மையில் சொல்வது, "a, b இரண்டும் ஒருசேர √n-ஐத் தாண்ட முடியாது" என்பதே. அப்படியானால் அவற்றுள் சிறியது தாண்டாது அல்லவா? a ≤ b என்க; a² ≤ ab = n, எனவே a ≤ √n, a-வின் பகாக் காரணியும் அதற்குள் அடங்கும். நேரடி நிறுவல் இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. முரண்பாட்டு முறை வழியைக் கண்டுபிடிக்க உதவியது, பிறகு அதை விலக்கிவிட முடிந்தது. இப்படி எப்போதும் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் முரண்பாட்டை அடைந்தபின் "இது எதைத் தடுக்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

இரண்டும் பொருந்தும்போது

மேற்கண்ட இரண்டும் எல்லைகள். நடுவில் நிற்கும் கூற்றுகளில்தான் தேர்வு உண்மையான தேர்வாகிறது. a, b, c முழு எண்கள் என்க; a² + b² = c² எனில், a, b ஆகியவற்றுள் ஒன்றேனும் இரட்டைப்படை.

முதலில் எதிர்மறுதலை. a, b இரண்டும் ஒற்றைப்படை என்க: a = 2s + 1, b = 2t + 1. வர்க்கங்களைக் கூட்டினால்,

a² + b² = 4(s² + s + t² + t) + 2

அதாவது 4-ஆல் வகுத்தால் மீதி 2. இனி c எதுவாயினும் c² அந்த மீதியைத் தராது என்று காட்ட வேண்டும். c = 2u எனில் c² = 4u², மீதி 0. c = 2u + 1 எனில் c² = 4(u² + u) + 1, மீதி 1. மீதி 2 எங்கும் வரவில்லை. ஆகவே a² + b² ≠ c². சோதிக்க a = 3, b = 5 எடுத்தால் 9 + 25 = 34 = 4 × 8 + 2, சூத்திரத்திலும் s = 1, t = 2 எனப் போட 1 + 1 + 4 + 2 = 8 வருகிறது.

அடுத்து முரண்பாடு. a² + b² = c² என்றும், a, b இரண்டும் ஒற்றைப்படை என்றும் கொள்வோம். முன்போலவே a² + b² = 4m + 2 என எழுதலாம்; அது c²-க்குச் சமம் என்பதால் c² இரட்டைப்படை, எனவே c இரட்டைப்படை. c = 2u எனப் போட்டால் 4u² = 4m + 2, அதாவது 2u² = 2m + 1. இடப்பக்கம் இரட்டைப்படை, வலப்பக்கம் ஒற்றைப்படை. முரண்பாடு.

இரண்டாவது நிறுவலில் P இடையிலேயே பயன்பட்டுவிட்டது. c² இரட்டைப்படை என்பதே அதிலிருந்துதான் வந்தது. ஆகவே இது முகமூடி அணிந்த எதிர்மறுதலை அன்று. c ஒற்றைப்படையாக இருக்கும் நிலையைத் தனியே ஆராயும் வேலையும் மிச்சமாகிறது. அதற்கு ஈடாக, "c² இரட்டைப்படை எனில் c இரட்டைப்படை" என்ற துணைக்கூற்று தேவைப்படுகிறது. அது முன்பே நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதை நிறுவும் இயல்பான வழி எதிர்மறுதலைதான்: c = 2u + 1 எனில் c² = 2(2u² + 2u) + 1.

என் தேர்வு முதல் நிறுவலே. அது கூற்றை மட்டும் நிறுவி நிற்கவில்லை. இரண்டு ஒற்றைப்படை வர்க்கங்களின் கூடுதல் 4-ஆல் வகுக்கப்படும்போது எப்போதும் மீதி 2 தரும் என்ற, தனியாகவும் உண்மையான ஒரு செய்தியை விட்டுச்செல்கிறது. அதை நாளை வேறொரு கணக்கில் எடுத்தாளலாம். இரண்டாவது நிறுவலில் உள்ள "c இரட்டைப்படை" என்ற வரியை அப்படி எடுத்துச்செல்ல முடியாது. அது பொய்யான எடுகோளின் கீழ் மட்டும் நின்ற வரி. 3² + 4² = 5² என்பதில் c ஒற்றைப்படைதானே. எனினும், துணைக்கூற்று ஏற்கெனவே கையில் இருந்து, சுருக்கமே வேண்டப்படும் இடத்தில், இரண்டாவதை எழுதுபவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதே எடுத்துக்காட்டு, முன்பு சொன்ன மறுப்புப் பிழையைக் கண்டுகொள்ளவும் உதவும். "ஒன்றேனும் இரட்டைப்படை" என்பதன் மறுப்பை "a ஒற்றைப்படை அல்லது b ஒற்றைப்படை" எனத் தவறாக எழுதியவர், "அப்படியானால் a² + b² ≠ c²" என்று நிறுவ முயல்வார். 3, 4, 5 அவரை முதல் அடியிலேயே நிறுத்திவிடும்.

"எனில்" இல்லாத கூற்று

√2 விகிதமுறா எண் என்ற கூற்றில் P என்று சொல்ல எதுவும் இல்லை. Q மட்டுமே உள்ளது, அதுவும் "விகிதமுறு எண் அன்று" என்ற மறுப்பாகவே உள்ளது. எதிர்மறுதலை எடுக்க இங்கே இடமில்லை. √2 = p/q என்றும், p, q இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை என்றும் கொண்டுதான் தொடங்க வேண்டும். ஆனால் அந்த உறைக்குள் இருக்கும் கருவைப் பாருங்கள்: p² = 2q² எனில் p, q இரண்டும் இரட்டைப்படை. அந்தக் கருவை நேரடியாகவே நிறுவலாம். அதற்குள் இரண்டுமுறை பயன்படும் துணைக்கூற்று, சற்றுமுன் எதிர்மறுதலையால் நிறுவிய அதே துணைக்கூற்று. முரண்பாட்டை வெளியுறையாக மட்டும் வைத்து, உள்ளே உள்ளவற்றைத் தனிக் கூற்றுகளாகப் பிரித்து நிறுவிக்கொள்வது, நீண்ட முரண்பாட்டு நிறுவல்களில் பிழையைக் குறைக்கும்.

பிழை எப்படி ஒளிந்துகொள்கிறது

கடைசியாக, வேண்டுமென்றே ஒரு பொய்க் கூற்று: n² என்பது 4-ஆல் வகுபடும் எனில், n-உம் 4-ஆல் வகுபடும். இதற்கு ஒருவர் எழுதும் நிறுவல் இப்படி இருக்கலாம்.

"n² 4-ஆல் வகுபடும், n வகுபடாது எனக் கொள்வோம். n = 4k + 1 எனில் n² = 8(2k² + k) + 1. n = 4k + 3 எனில் n² = 8(2k² + 3k + 1) + 1. இரண்டிலும் 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் n² 4-ஆல் வகுபடும் எனக் கொண்டோம். முரண்பாடு."

ஒவ்வொரு வரியும் இயற்கணிதத்தில் சரியே. முரண்பாடும் கிடைத்துவிட்டது. விடுபட்டது n = 4k + 2 என்ற நிலை; அது விடுபட்டதை நிறுவலின் எந்த வரியும் காட்டிக்கொடுக்கவில்லை. கோடிடும் சோதனையை நடத்தினால், "n² 4-ஆல் வகுபடும்" என்பது கடைசி வரியில் மட்டுமே பயன்பட்டிருப்பது தெரியும். ஆகவே எதிர்மறுதலையாக மாற்றி எழுதுகிறோம்: n 4-ஆல் வகுபடாது எனில், n²-உம் 4-ஆல் வகுபடாது. இப்போது கைமுதலை நிறைவுசெய்யும் எண்கள் கண்முன் நிற்கின்றன: 1, 2, 3, 5, 6, 7. முதல் எண்ணின் வர்க்கம் 1, பிழையில்லை. இரண்டாவது எண்ணின் வர்க்கம் 4.